ஸ்கேன் அறிக்கையை வால் பக்கமிருந்து படிக்கும் முறை: ஒரு பித்தப்பைக் கல்லும் நான்கு தாள்களும்

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கும் என் சித்திக்கு, இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழிந்தால் வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி தொடங்கி, முதுகு வழியாகத் தோள்பட்டை வரை ஏறும். வாயு என்று நினைத்து இஞ்சிச் சாறும் சோடாவும் குடித்து மூன்று மாதம் கடத்திய பிறகு, தர்மபுரிக்கு வந்து வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள். அறிக்கை கைக்கு வந்தது மாலை ஆறு மணிக்கு; மருத்துவரைப் பார்க்க முடிந்ததோ மறுநாள் காலை பத்து மணிக்கு. இடைப்பட்ட அந்த இரவில் சித்தியின் மகன் அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, "அண்ணா, அம்மாவுக்கு நாலு நோய் போட்டிருக்காங்க" என்றான். உண்மையில் அந்தத் தாள் சொன்னது ஒரு நோயையும், உடன் ஒரு சிறு குறிப்பையும், இரண்டு மறுப்புகளையும்தான். மறுப்புகளையும் அவன் நோய்களாக எண்ணியிருந்தான்.

ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் நான், மருத்துவன் அல்லன். நோயைக் கண்டறிவதும் மருந்து சொல்வதும் என் வேலையல்ல. ஆனால் அறிக்கையில் உள்ள நீண்ட சொற்கள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை அன்றாடம் பார்த்துப் பழகியவன். அவற்றுள் பெரும்பாலானவை கிரேக்க, இலத்தீன் வேர்களை ஒட்டிச் செய்த கூட்டுச் சொற்கள். ஒட்டை எங்கே பிரிப்பது என்று தெரிந்தால், ஆங்கிலப் படிப்புக் குறைந்தவரும் அவற்றின் பொருளைப் பெரும்பாலும் சரியாகவே எட்டிவிடலாம். சித்தியின் அறுவைச் சிகிச்சை முடியும்வரை எங்கள் கைக்கு வந்த நான்கு தாள்களை வைத்தே அந்த முறையைச் சொல்கிறேன்.

முதலில் தாளின் அடிப்பகுதி

ஸ்கேன் அறிக்கையின் மேற்பகுதியில் கல்லீரல், பித்தப்பை, கணையம், மண்ணீரல், சிறுநீரகங்கள் என்று ஒவ்வோர் உறுப்பின் அளவும் தோற்றமும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அங்கே தொடங்கினால் பத்து வரிக்குள் களைத்துப் போவோம். அடியில் 'இம்ப்ரஷன்' என்ற தலைப்பின் கீழ் இரண்டு முதல் ஐந்து வரிகள் இருக்கும். ஸ்கேன் பார்த்த மருத்துவர் தம் முடிவைச் சொல்லும் இடம் அதுதான். அந்த வரிகளை மட்டும் ஒரு வெள்ளைத் தாளில், வரிக்கு ஒன்றாக, இடைவெளி விட்டு எழுதிக்கொள்ளுங்கள். சித்தியின் தாளில் இருந்தவை இவை: கோலிலித்தியாசிஸ், அக்யூட் கோலிசிஸ்டைடிஸுக்கு ஸ்கேனில் சான்று இல்லை, கோலிடோகோலித்தியாசிஸ் இல்லை, லேசான ஹெபடோமெகலி, முதல் நிலை ஹெபாட்டிக் ஸ்டியட்டோசிஸுடன்.

எழுதி முடித்ததும், 'நோ', 'நாட்', 'நில்' என்ற சொற்கள் வரும் வரிகளுக்கு அடியில் கோடு போடுங்கள். 'நோ எவிடன்ஸ் ஆஃப்' என்று தொடங்கும் வரியில் அடுத்து எவ்வளவு பெரிய சொல் வந்தாலும், அது உங்களிடம் காணப்படாத ஒன்று. என் தம்பி தவறியது இங்கேதான். நீண்ட சொல்லைப் பார்த்த பதற்றத்தில் அதற்கு முன்னால் நிற்கும் இரண்டெழுத்து 'நோ' கண்ணில் படுவதில்லை. சொல்லுக்கு முன் கேள்விக்குறி போட்டிருந்தால், அது முடிவல்ல, ஐயம் மட்டுமே என்று பொருள்.

அடுத்து சொல்லின் வால்

இனி ஒவ்வொரு நீண்ட சொல்லையும் கடைசியிலிருந்து பிரிக்க வேண்டும். தமிழிலும் நாம் அப்படித்தான் செய்கிறோம். 'பித்தப்பை' என்ற சொல்லில் கடைசியில் இருக்கும் 'பை' என்பதே அது என்ன பொருள் என்று சொல்கிறது. முன்னால் இருக்கும் 'பித்தம்' எதற்கான பை என்று காட்டுகிறது. கிரேக்கக் கூட்டுச் சொல்லிலும் என்ன நேர்ந்தது, என்ன செய்தார்கள் என்ற செய்தி வாலில் இருக்கும். எந்த உறுப்பில் என்பது தலையில் இருக்கும்.

ஐ, டி, ஐ, எஸ் என்ற நான்கு எழுத்துகளில் முடியும் சொல், அந்த உறுப்பில் அழற்சி என்பதைக் குறிக்கும். கிரேக்கத்தில் இந்த 'இட்டிஸ்' விகுதிக்கு 'அதைச் சார்ந்த' என்ற அளவே பொருள். மூட்டைச் சார்ந்த நோய் என்னும் தொடரில் 'நோய்' என்ற சொல் உதிர்ந்துபோய், 'ஆர்த்ரைடிஸ்' மட்டும் நின்றது. பிற்கால மருத்துவர்கள் அதை அழற்சி என்ற ஒரே பொருளுக்கு நிலைநிறுத்தினார்கள். அழற்சி என்னும் நம் சொல் 'அழல்' என்ற தீயிலிருந்து வந்தது போலவே, ஆங்கிலத்தில் அதற்குரிய 'இன்ஃப்ளமேஷன்' என்ற சொல்லும் தீச்சுடரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சிவத்தல், வீக்கம், சூடு, வலி என்று அதன் நான்கு அடையாளங்களை முதல் நூற்றாண்டிலேயே செல்சஸ் என்ற உரோமானியர் எழுதி வைத்திருக்கிறார். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அழற்சி என்றாலே கிருமித் தொற்று என்று ஆகாது. தொற்றினாலும் அழற்சி வரும். கல் அடைப்பதாலும், உராய்வதாலும், உடலின் எதிர்ப்பாற்றல் தடம் மாறுவதாலும் வரும். ஆகவே வாலை மட்டும் பார்த்து, 'இன்னும் ஆன்டிபயாட்டிக் ஏன் எழுதவில்லை' என்று கேட்பது பொருந்தாது.

'ஓசிஸ்' என்று முடிந்தால் அது ஒரு நிலை அல்லது பாதிப்பு. பெரும்பாலும் மெல்லச் சேர்ந்த ஒன்று. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்ட மக்களுக்கு இந்த வால் முன்பே பழக்கமானது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் பாதிக்கப்படுவதை 'ஃபுளோரோசிஸ்' என்கிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. 'இயாசிஸ்' என்பதும் அதே குடும்பம்தான்; ஒரு பொருள் உண்டாகித் தங்கியிருப்பதை அது சொல்லும். கிரேக்கத்தில் 'லித்தோஸ்' என்றால் கல். எனவே 'லித்தியாசிஸ்' என்றால் கல் உண்டாகியிருக்கும் நிலை. 'மெகலி' என்றால் பெருத்திருத்தல்.

இப்போது சித்தியின் தாளுக்குத் திரும்புவோம். முதல் சொல்லின் வால் கல். இரண்டாவதன் வால் அழற்சி. மூன்றாவதன் வாலும் கல். நான்காவது வரியில் பெருத்தல் ஒன்றும், ஒரு நிலை ஒன்றும்.

பிறகு தலை

'கோலி' என்று ஒலிக்கும் பகுதி அச்சில் சி, எச் என்ற எழுத்துகளில் தொடங்கும், பொருள் பித்தம். கொலஸ்ட்ரால் என்ற பெயரிலும் இதே வேர்தான் இருக்கிறது, ஏனெனில் அந்தப் பொருள் முதலில் பித்தப்பைக் கல்லிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. 'சிஸ்ட்' என்றால் பை. இரண்டையும் சேர்த்தால் பித்தப்பை. தமிழ்ச் சொல்லும் கிரேக்கச் சொல்லும் ஒரே முறையில், ஒரே வரிசையில் கட்டப்பட்டிருக்கின்றன. 'கோலிடோக்' என்பது பித்தத்தைக் கொண்டுசெல்லும் பொதுக் குழாய். 'ஹெபட்' என்றால் கல்லீரல். 'ஸ்டியட்' என்றால் கொழுப்பு.

உறுப்புக்கும் வாலுக்கும் நடுவே பல சொற்களில் ஓர் 'ஓ' நுழைந்திருக்கும். அதற்குப் பொருள் தேட வேண்டாம். புளியும் காயும் சேரும்போது நடுவே 'அம்' என்னும் சாரியை வந்து 'புளியங்காய்' ஆவதைப் போல, ஒலிப்பை எளிதாக்க வந்த இணைப்பு அது. வால் உயிரெழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் இந்த 'ஓ' மறைந்துவிடும்: இரைப்பை அழற்சி 'கேஸ்ட்ரைடிஸ்' ஆகிறது, இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது 'கேஸ்ட்ரோஸ்கோப்பி' ஆகிறது. இரண்டிலும் இரைப்பை ஒன்றே.

ஆக, சித்தியின் நான்கு வரிகளையும் தமிழில் எழுதினால்: பித்தக் கல் இருக்கிறது. பித்தப்பையில் புதிய அழற்சிக்குச் சான்று இல்லை. பித்தக் குழாயில் கல் இல்லை. கல்லீரல் சற்றுப் பெருத்து, தொடக்க நிலைக் கொழுப்புப் படிவோடு இருக்கிறது.

இப்படித் தமிழில் எழுதிய பிறகு மேற்பகுதிக்குப் போனால், அங்குள்ள அளவுகள் தாமாகவே பொருள் தரும். பித்தப்பைச் சுவரின் கனம் 3 மில்லிமீட்டர் வரை இயல்பு என்று கொள்வார்கள், சித்திக்கு 2.5 இருந்தது. பொதுப் பித்தக் குழாய் 6 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அவருக்கு 4 இருந்தது. அழற்சி இல்லை, குழாயில் அடைப்பில்லை என்று அடியில் எழுதியதற்கு இந்த இரண்டு எண்களும் துணை நிற்கின்றன. அதே மேற்பகுதியில் 'மல்டிபிள் கால்குலை' என்றும் எழுதியிருந்தது. 'கால்குலஸ்' என்றால் இலத்தீனில் சிறு கல். அதன் பன்மைதான் 'கால்குலை'. கிரேக்க 'லித்தோஸ்' குறிப்பதும் இதையேதான். ஒரே பொருளுக்கு இரண்டு மொழிச் சொற்களும் ஒரே தாளில் வருவது வழக்கம்; சிறுநீரகத்துக்குக் கிரேக்கத்தில் 'நெஃப்ரோ', இலத்தீனில் 'ரீனல்'; நுரையீரலுக்கு 'நியூமோ', 'பல்மோ'. இரண்டு சொல் வந்ததால் இரண்டு நோய் என்று கணக்கிடக் கூடாது.

தலையில் ஒரு வழுக்கும் இடமும் உண்டு. 'சிஸ்ட்' என்பது வெறும் பை ஆதலால், முன்னால் 'கோலி' இல்லாமல் 'சிஸ்டைடிஸ்' என்று தனியே வந்தால் அது சிறுநீர்ப்பை அழற்சி. கர்ப்பப்பை ஸ்கேனில் சினைப்பையை ஒட்டி 'சிஸ்ட்' என்று வந்தால் அது நீர் கோத்த கட்டி. ஒரே வேர், மூன்று இடம். இதனால்தான் சொல்லைத் தனியே பிரித்து முடிவுக்கு வராமல், எந்த உறுப்பின் தலைப்பின் கீழ் அது எழுதப்பட்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

'அக்யூட்', 'க்ரோனிக்' என்னும் இரண்டு அடைகள்

நம் ஊர்களில் இந்த இரண்டு சொற்களும் தவறாகவே புரிந்துகொள்ளப்படுகின்றன. 'அக்யூட்' என்பதை 'முற்றிய நிலை' என்றும், 'க்ரோனிக்' என்பதை 'இனித் தீராது' என்றும் சொல்லக் கேட்டிருக்கிறேன். முன்னது கூர்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மருத்துவத்தில் அது திடீரென்று, அண்மையில் தொடங்கியதைச் சொல்கிறது. பின்னது காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நாள்பட்டது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. 'அக்யூட்' ஆன ஒன்று லேசாகவும் இருக்கலாம்; 'க்ரோனிக்' ஆன ஒன்று அறுவைச் சிகிச்சையில் முழுவதும் தீர்ந்தும் போகலாம், சித்திக்குத் தீர்ந்ததைப் போல. கடுமையைச் சொல்லும் சொற்கள் வேறு: 'மைல்ட்', 'மாடரேட்', 'சிவியர்'.

இரண்டாவது தாள்: இதயத்தைப் பற்றியது

மருத்துவர் பித்தப்பையை அகற்றச் சொன்னார். மயக்க மருந்து கொடுக்கத் தகுதியுண்டா என்று பார்ப்பதற்காக ஈ.சி.ஜி.யும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். 'கார்டியோ' என்றால் இதயம், ஈ.சி.ஜி. என்பதன் விரிவான எலக்ட்ரோ கார்டியோ கிராம், இதயத்தின் மின்னோட்டத்தை வரைந்த தாள் என்று பிரியும். அதில் 'சைனஸ் டாக்கிகார்டியா' என்று இருந்தது. எக்ஸ்ரேயில் 'நோ கார்டியோமெகலி' என்று இருந்தது. இரண்டிலும் 'கார்டியா' வந்ததால் வீட்டில் அழுகை தொடங்கிவிட்டது.

முன்பு சொன்ன வரிசையிலேயே போவோம். எக்ஸ்ரே வரியில் 'நோ' இருக்கிறது. ஆகவே இதயம் பெருக்கவில்லை. 'டாக்கி' என்றால் விரைவு, 'பிராடி' என்றால் மந்தம்; பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100-க்கு மேல் துடித்தால் முன்னது, 60-க்குக் கீழ் துடித்தால் பின்னது. 'சைனஸ்' என்ற சொல்லைக் கண்டு மூக்கடைப்பு என்று நினைக்க வேண்டாம். துடிப்பு, இதயத்தில் அது இயல்பாகத் தொடங்க வேண்டிய முடிச்சிலிருந்தே தொடங்குகிறது என்பதை அது சொல்கிறது. சித்திக்கு 108 இருந்தது. வலியும், வெறும் வயிறும், காலையிலிருந்து வரிசையில் நின்றதும், பயமும் சேர்ந்தால் துடிப்பு அவ்வளவு ஏறும். காய்ச்சல், இரத்தச்சோகை, தைராய்டுக் கோளாறு ஆகியவற்றாலும் ஏறலாம் என்பதால், மருத்துவர் அவற்றையும் பார்த்தார். சித்தியை அரை மணி நேரம் படுக்கச் சொல்லி மீண்டும் எடுத்தபோது 84-க்கு இறங்கியிருந்தது. 'டாக்கிகார்டியா' என்பது விரைந்த துடிப்பு என்ற கண்டறிதல் மட்டுமே. ஏன் விரைந்தது என்ற விடை அந்தச் சொல்லுக்குள் இல்லை.

இந்த வேரில் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. 'மயோ' என்றால் தசை, 'பெரி' என்றால் சுற்றிலும். ஆகவே 'மயோகார்டைடிஸ்' இதயத் தசையின் அழற்சி, 'பெரிகார்டைடிஸ்' இதயத்தைச் சுற்றியுள்ள உறையின் அழற்சி. மற்றொன்று, பலரைக் கலங்க வைப்பது: எண்டோஸ்கோப்பி அறிக்கையில் 'கார்டியா' என்று தனியே வந்தால் அது இதயமல்ல, உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் மேல்வாய்ப் பகுதி. பழைய கிரேக்கர்கள் இதயத்தையும் அந்த இடத்தையும் ஒரே சொல்லால் அழைத்தார்கள். 'கார்டியா நார்மல்' என்று எண்டோஸ்கோப்பி சொன்னால், அதை நம்பி இதயப் பரிசோதனை வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. 'அக்கலேசியா கார்டியா' என்று சொன்னால் இதயநோய் என்று பதறவும் கூடாது. அது அந்த வாய் நெகிழ்ந்து கொடுக்காமல் இருப்பது.

மூன்றாவது தாள்: கையெழுத்துக்கு முன்

அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் 'லேப்ராஸ்கோப்பிக் கோலிசிஸ்டெக்டமி' என்று எழுதியிருந்தது. மருத்துவமனையில் இதைச் சுருக்கி 'லேப் கோலி' என்பார்கள். கையெழுத்துப் போடும் தாளில் வாலைப் பிரித்தறிவதைவிட முக்கியமான வேலை எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் இங்கே ஓரிரு எழுத்து மாறினால் உறுப்பு இருக்குமா இருக்காதா என்பதே மாறிவிடும்.

'டமி' என்பது கிரேக்கத்தில் வெட்டுதல். 'எக்' என்பது வெளியே. இரண்டும் சேர்ந்த 'எக்டமி', வெட்டி வெளியே எடுப்பது, அதாவது அகற்றுவது. 'எக்' இல்லாத 'ஓட்டமி', கீறித் திறப்பது மட்டுமே. 'ஆஸ்டமி' என்பதில் 'ஸ்டோமா' என்ற வாய் இருக்கிறது. உடலில் ஒரு புதிய வாய் வைப்பது அதன் பொருள். 'ஸ்கோப்பி' பார்ப்பது. 'பிளாஸ்டி' சீரமைப்பது.

கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், சிறுநீரகக் கல்லுக்காகச் சேர்ந்திருந்தவர், 'நெஃப்ரோலித்தாட்டமி' என்ற சொல்லைக் கண்டு படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கிட்னியை எடுக்கப் போகிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அகற்றுவதாக இருந்தால் அது 'நெஃப்ரெக்டமி' என்று இருக்க வேண்டும். இவருடையது சிறுநீரகம், கல், கீறித் திறத்தல் என்று பிரிகிறது. கல்லை எடுக்கத் திறப்பது. முன்னால் இருந்த 'பெர்க்யூட்டேனியஸ்' என்பது 'தோல் வழியாக' என்னும் இலத்தீன். உள்ளே இருக்கும் 'லித்' என்ற கல்லையும், 'எக்' இல்லாமையையும் காட்டி விளக்கிய பிறகு, 'கல்லை மட்டும்தானே?' என்று அவர் மருத்துவரிடமே கேட்டு உறுதிசெய்துகொண்டு கையெழுத்திட்டார். மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்ததே முதன்மையானது. நான் சொன்ன பிரிப்பு, அவர் கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்க உதவியது; அவ்வளவே.

சித்தியும் இதே கேள்வியை எதிர்ப்பக்கமாகக் கேட்டார்: "கல்லை மட்டும் எடுத்துட்டுப் பையை விட்டுடக் கூடாதா?" அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1867-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஜான் பாப்ஸ் என்பவர் செய்தது அதையேதான்: பித்தப்பையைக் கீறிக் கற்களை எடுத்துவிட்டுத் தைத்தார். அது 'ஓட்டமி' வகை. ஆனால் கல் உண்டாவது அந்தப் பைக்குள். பை இருக்கும்வரை மீண்டும் உண்டாகலாம். 1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் என்பவர் பையையே அகற்றி, 'எக்டமி'யைத் தொடங்கி வைத்தார். சிறுநீரகத்தைக் கல்லுக்காக இப்படி எளிதில் எடுத்துவிட முடியாது, அதனால் அங்கே பெரும்பாலும் கல் மட்டும். பித்தப்பை இல்லாமல் மனிதர் வாழலாம், ஏனெனில் பித்தத்தைச் சுரப்பது கல்லீரல், பை அதைத் தேக்கி வைக்கும் இடம் மட்டுமே. சித்திக்கு இது உடனே விளங்கியது. கிணறு இருக்கும்போது தொட்டியை இடித்தால் தண்ணீர் நின்றுவிடாது என்று அவரே சொன்னார்.

இதே வாலைப் பெண்கள் இன்னோர் இடத்திலும் கவனிக்க வேண்டும். 'ஹிஸ்டரெக்டமி' என்றால் கர்ப்பப்பையை அகற்றுவது. சினைப்பையை அகற்றுவது 'ஊஃபரெக்டமி' என்ற தனிச் சொல். பல ஆண்டுகளுக்கு முன் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட நம் அத்தைமார் பலருக்கு, தமக்கு எது எடுக்கப்பட்டது, எது இருக்கிறது என்பதே தெரியாது. பிற்காலத்தில் எலும்புத் தேய்மானத்துக்கோ வயிற்று வலிக்கோ பார்க்கும் மருத்துவருக்கு அது தேவையான செய்தி. பழைய தாள் வீட்டில் இருந்தால் எடுத்து, இந்த இரண்டு சொற்களில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

நான்காவது தாள்: வீட்டுக்கு வந்த பின்

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'அஃபெப்ரைல்' என்று இருந்தது. கிரேக்கத்தில் 'அ' முன்னால் வந்தால் இன்மை. உயிரெழுத்துக்கு முன் அது 'அன்' ஆகும். 'ஃபெப்ரைல்' காய்ச்சலோடு இருத்தல். 'அஃபெப்ரைல்' காய்ச்சல் இல்லாமல் இருத்தல். தமிழில் நீதி, அநீதி என்று நாம் வழங்குவதும் இதே போன்ற முன்னொட்டுதான். முன்பு 'நோ' என்பதற்குக் கோடு போட்டதைப் போல, இந்த ஒற்றை எழுத்துக்கும் கோடு போட வேண்டும். 'ஹைப்போ', 'ஹைப்பர்' என்ற இரண்டும் இப்படியே கண்ணை ஏமாற்றுபவை. முதலாவது இயல்புக்குக் கீழ், இரண்டாவது மேல். வாயால் சொல்லும்போது இரண்டும் ஒன்றாக ஒலிப்பதால், தொலைபேசியில் இவற்றைச் சொல்லாதீர்கள். தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

பத்து நாள் கழித்துப் பயாப்சி அறிக்கை வந்தது. அந்தச் சொல்லே ஓர் ஊரைக் கலக்கப் போதுமானது. 'பயோ' உயிர், 'ஆப்சி' பார்த்தல். உடலிலிருந்து எடுத்த திசுவை உருப்பெருக்கியில் பார்ப்பது என்பதே பொருள். அகற்றிய பித்தப்பையை வழக்கமாகவே இப்படி அனுப்புவார்கள். அனுப்பியதால் புற்றுநோய் ஐயம் என்று ஆகாது. சித்தியின் அறிக்கை: 'க்ரோனிக் கால்குலஸ் கோலிசிஸ்டைடிஸ், நோ எவிடன்ஸ் ஆஃப் மலிக்னன்ஸி'. இப்போது என் தம்பி தானே பிரித்தான்: நாள்பட்ட, கல்லோடு கூடிய, பித்தப்பை அழற்சி, புற்றுநோய்க்குச் சான்று இல்லை. உடனே அவனுக்கு ஒரு கேள்வி எழுந்தது: ஸ்கேனில் அழற்சி இல்லை என்றார்களே, இதில் இருக்கிறது என்கிறார்களே? விடை அடையில் இருந்தது. ஸ்கேன் மறுத்தது 'அக்யூட்' அழற்சியை. திசுவில் கண்டது 'க்ரோனிக்' அழற்சியை, கல் பல மாதம் உரசியதன் தடத்தை. இரண்டும் முரணல்ல.

அடுத்த முறை வேறு எதற்காவது ஸ்கேன் எடுக்கும்போது 'பித்தப்பை காணப்படவில்லை, கோலிசிஸ்டெக்டமி செய்த நிலை' என்று வரும். அதற்குப் பதறத் தேவையில்லை. ஆனால் பையை எடுத்த பின்னும் பித்தக் குழாயில் கல் தங்கியிருக்கவோ பின்னர் உண்டாகவோ வழியுண்டு. அறிக்கையில் 'கோலிடோகோலித்தியாசிஸ்' என்ற சொல் 'நோ' இல்லாமல் வந்தால் அது காத்திருக்கக் கூடிய செய்தியல்ல.

வேர்கள் சொல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். 'ஓமா' என்னும் வால் கட்டி அல்லது திரட்சியைக் குறிக்கும். ஆனால் 'லிப்போமா' தீங்கற்ற கொழுப்புக் கட்டி, 'ஹீமட்டோமா' இரத்தக் கட்டு, 'கார்சினோமா' புற்றுநோய். வாலைப் பார்த்து இவற்றைப் பிரிக்கவே முடியாது. ஒலி நெருங்கிய வேர்களும் உண்டு: 'ஆர்த்ரோ' மூட்டு, 'ஆர்டீரியோ' இரத்தக்குழாய். ஐயம் வந்தால் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நோய் எவ்வளவு முற்றியது, எவ்வளவு விரைவாகச் செயல்பட வேண்டும் என்பதையும் சொல் சொல்லாது. வலது மேல்வயிற்று வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ தாளைப் பிரித்துக்கொண்டு உட்காராமல், இரவானாலும் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள்.

மற்ற நேரங்களில், தமிழில் எழுதிய அந்த வெள்ளைத் தாளை மருத்துவரிடம் கொண்டுபோய், "நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?" என்று கேளுங்கள். சித்தியின் மருத்துவர் அதை வாங்கிப் படித்துவிட்டு ஓர் இடத்தை மட்டும் திருத்தினார்: கல்லீரல் பற்றிய வரியை நாங்கள் கடைசியில் போட்டு மறந்திருந்தோம்; பித்தப்பை போய்விட்டாலும் அந்தக் கொழுப்பு இருக்கும், ஆறு மாதம் கழித்துச் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்க வேண்டும் என்று அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுத்தார்.